ஆறு விருந்தினருக்கு இரவுச் சாப்பாடு: எதைச் சமைப்பது, எவ்வளவு வாங்குவது?

ஆறு பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். எத்தனை பேருக்குக் கணக்குப் போடுவது?

வருகிறவர்கள் ஆறு பேர். வீட்டில் நீங்கள் இரண்டு பேர் என்றால் எட்டுத் தட்டு. பலர் இந்த இடத்திலேயே தவறிவிடுகிறார்கள். ஆறு பேருக்கு வாங்கிவிட்டு, கடைசியில் சமைத்தவருக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை அரைத் தட்டாக எண்ணலாம். வளரும் பையன்களையும் பெண்களையும் முழுத் தட்டாகவே எண்ணுங்கள்.

கூப்பிடும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: அசைவம் சாப்பிடாதவர்கள் யார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது. "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டால் "எதுவானாலும் சரி" என்றுதான் பதில் வரும். "எது சாப்பிட மாட்டீர்கள்?" என்று கேட்டால் வேர்க்கடலை, பால், இறால் என்று குறிப்பாகச் சொல்வார்கள்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். எட்டுத் தட்டு, அதில் இரண்டு பேர் சைவம். ஏழு மணிக்கு வருகிறார்கள், எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குக் கிளம்புவார்கள்.

எத்தனை வகை சமைக்கலாம்? நாலு போதுமா, ஏழெட்டு வேண்டுமா?

எட்டுத் தட்டுக்கு முதன்மை உணவு ஒன்று, சைவர் இருந்தால் இன்னொன்று, சோறு, ஒரு காய், ஒரு பச்சைக் காய்கறிக் கலவை, முடிவில் ஓர் இனிப்பு. இதற்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

வயிற்றின் கொள்ளளவு வகைகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து அதிகரிக்காது. பெரியவர் ஒருவர் ஒரு வேளையில் முதன்மைத் தட்டில் 450 முதல் 550 கிராம் வரை சாப்பிடுவார். அதன்பின் இனிப்பு கொஞ்சம். நாலு வகை வைத்தாலும் எட்டு வகை வைத்தாலும் இந்த எடை ஏறக்குறைய மாறாது, பங்குகள்தான் சிறுத்துப்போகும். எட்டு வகை சமைத்து ஒவ்வொன்றையும் முழுப் பங்குக் கணக்கில் வாங்கினால் பாதி மிஞ்சும். நான் முதன்முதலில் ஆறு பேரை அழைத்தபோது இதைத்தான் செய்தேன். ஒவ்வொரு சமையல் குறிப்பிலும் "எட்டுப் பேருக்கு" என்று போட்டிருந்த அளவை அப்படியே எடுத்து ஐந்து வகை செய்தேன். மூன்று நாள் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாக்கை மட்டும் நினைக்காமல் அடுப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். ஒன்று அடுப்பே தேவையில்லாமல் ஆறினபடி பரிமாறுவதாக இருக்க வேண்டும். கடைசி அரை மணி நேரத்தில் அடுப்பைக் கேட்பவை இரண்டுக்கு மேல் போகக் கூடாது. எல்லாமே சுடச்சுடப் பரிமாற வேண்டியவை என்றால் நீங்கள் விருந்தினரோடு உட்காரவே முடியாது.

சரி, உங்கள் உதாரணத்தில் என்னென்ன சமைக்கிறீர்கள்?

வெங்காயம் தக்காளியில் மெதுவாக வேகவைத்த கோழி. அதே சுவையில், தனிப் பாத்திரத்தில் கொண்டைக்கடலை. சோறு. வதக்கிய கேரட், பீன்ஸ். வெள்ளரிக்காயும் கீரையும் சேர்ந்த ஒரு பச்சைக் கலவை. முடிவில் நறுக்கின பழமும் ஐஸ்கிரீமும். குடிக்க எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கடைசியில் டீ அல்லது காபி.

கோழியும் கடலையும் முந்தின நாளே தயார். இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் இரண்டிலும் சாறு உள்ளே இறங்கி இன்னும் நன்றாக இருக்கும். அன்றைக்கு மாலை அவற்றைச் சூடு செய்தால் போதும். கடைசி அரை மணியில் உண்மையான சமையல் என்பது சோறும் காயும் மட்டும்.

கோழி எவ்வளவு வாங்குவது? கிலோவா, துண்டுக் கணக்கா?

துண்டுக் கணக்கில் வாங்குங்கள், எடையை அப்புறம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் இருந்து எடுக்கிறவர் துண்டைத்தான் எண்ணுகிறார். ஒருவர் இரண்டு எடுத்தால் அடுத்தவரும் இரண்டு எடுப்பார். மிச்சம் ஒரே ஒரு துண்டு இருந்தால் அதை யாருமே தொட மாட்டார்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு என்று 12, கூடுதலாக 2. மொத்தம் 14 தொடைத் துண்டு, எலும்போடு. தோல் நீக்கினது துண்டுக்கு 140 கிராம் அளவில் இருந்தால் ஏறக்குறைய 2 கிலோ. எலும்பில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், வேகும்போது நீர் இறங்கி இன்னொரு கால்வாசி குறையும். தட்டில் விழும் கறி ஆளுக்கு 160 கிராம் அளவு. குழம்போடு சேர்த்தால் இது தாராளம்.

எலும்பில்லாத கறி வாங்கினால் ஆளுக்கு 170 முதல் 200 கிராம் பச்சையாக எடுங்கள். மீன் துண்டுக்கும் அதே கணக்குப் பொருந்தும், 150 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். நெஞ்சுக் கறியை விடத் தொடைக் கறியை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விருந்தினர் அரை மணி தாமதமாக வந்து, இரண்டாவது முறை சூடு பண்ணினாலும் தொடை காய்ந்து போகாது. நெஞ்சு நார்நாராகிவிடும்.

உறைந்த கோழி என்றால் இரண்டு நாள் முன்னதாகவே அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் இறக்கி வையுங்கள். 2 கிலோ பொட்டலம் நன்றாக உருக முழுதாக ஒரு நாள் வேண்டும். நடுவில் பனிக்கட்டி இருக்கும்போது பாத்திரத்தில் போட்டால் வெளிப்பக்கம் வெந்து, எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக நிற்கும். உணவு வெப்பமானி இருந்தால் எலும்பைத் தொடாமல் தடிமனான இடத்தில் செருகிப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

சைவர் இரண்டே பேர்தானே, இரண்டு பங்கு கடலை போதாதா?

போதாது. சைவ உணவு மேசைக்கு வந்தால் எல்லோரும் ஒரு கரண்டி எடுப்பார்கள். அசைவர்கள் இரண்டு வகையையும் ருசி பார்ப்பார்கள், சைவர்களுக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது. எண்ணி வைத்தால் கடைசியில் பாத்திரத்தை எடுக்கும் சைவருக்கு அடியில் ஒட்டினது மட்டும் கிடைக்கும்.

நான் போடும் கணக்கு இது. சைவருக்கு முழுப் பங்கு, ஆளுக்கு 200 கிராம் சமைத்தது. மற்ற ஆறு பேருக்கு ருசி பார்க்க ஆளுக்கு 70 கிராம். இரண்டும் சேர்ந்து 820 கிராம். 250 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்கைத் தாண்டி 550 கிராமுக்கு மேல் வரும். மீதியைத் தக்காளியும் வெங்காயமும் நிரப்பிவிடும்.

கரண்டி தனியாக வேண்டும். கோழிக் கரண்டி கடலைக்குள் போவது சாப்பிடுகிறவருக்கு உண்மையான பிரச்சினை. பாத்திரங்களை மேசையின் இரு முனைகளில் வைத்தால் அந்தத் தவறு தானாகவே குறையும்.

அரிசியை எப்படி அளப்பது? எனக்கு எப்போதும் ஒன்று குறைகிறது, இல்லை குவிகிறது.

ஆளுக்கு 75 கிராம் அரிசி. எட்டுப் பேருக்கு 600 கிராம். வெந்தபின் எடை இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு ஆகும், அதாவது ஆளுக்கு 200 கிராம் சோறு. தட்டில் வேறு மூன்று நாலு வகை இருக்கும்போது இதுவே சரியான அளவு. சோறுதான் பிரதானம், பக்கத்தில் ஒரு குழம்பு மட்டும் என்றால் 100 கிராம் போடலாம்.

இந்த எண்ணை நம்பத் தயக்கமாக இருந்தால் இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வழக்கமாகப் பரிமாறும் கரண்டியால் ஒருமுறை சோறு அள்ளித் தராசில் வையுங்கள். என் வீட்டுக் கரண்டி தலைதட்டினால் 70 கிராம், குவித்தால் 95. மூன்று கரண்டி தலைதட்டி வைத்தால் 210 கிராம். அதை ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தால் பக்கத்தில் மற்றவைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் எந்த விருந்துக்கும் அந்தக் கரண்டியே உங்களுக்கு அளவு.

பாத்திரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 600 கிராம் அரிசி வெந்து இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நாலு லிட்டர் பாத்திரம் இல்லாவிட்டால் பொங்கி வழியும், அல்லது அடி குழைந்து மேலே விறைக்கும். சின்னப் பாத்திரம்தான் இருக்கிறது என்றால் இரண்டு தடவையாக வடியுங்கள்.

என்னிடம் இருக்கும் குறிப்பு நாலு பேருக்கு. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் போதுமா?

கறி, வெங்காயம், தக்காளி, கடலை எல்லாம் இரண்டு மடங்கு. தண்ணீர் ஒன்றரை மடங்கு மட்டும். பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஆவியாகும், உள்ளே உள்ள அளவுக்கு ஏற்ப இரட்டிக்காது. அதனால்தான் இரட்டித்த குழம்பு தண்ணீராக நிற்கிறது. உப்பையும் காரத்தையும் முதலில் ஒன்றரை மடங்கு போட்டு, வெந்ததும் ருசி பார்த்து ஏற்றுங்கள்.

கறியை முதலில் வதக்கும்போது 14 துண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். பாத்திரத்தின் சூடு இறங்கி, கறி நீர் விட்டு, சிவக்காமல் வெளுத்து வேகும். ஐந்து ஐந்தாகப் போட்டு எடுங்கள். சட்டியில் சடசட என்ற சத்தம் நிற்காமல் கேட்க வேண்டும். கொதிக்கும் சத்தமாக மாறினால் துண்டுகள் அதிகம் என்று அர்த்தம்.

காய், சாலட், இனிப்பு?

கேரட் அரைக் கிலோ, பீன்ஸ் அரைக் கிலோ. நறுக்கி வதக்கியபின் ஆளுக்கு 100 கிராமுக்கு அருகில் நிற்கும். கீரையோ காளானோ வதக்குவதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அவை வற்றிச் சுருங்கிப் பாதிக்கும் கீழே போகும், அதனால் இரண்டு மடங்கு வாங்க வேண்டும்.

சாலட்டுக்கு இரண்டு வெள்ளரிக்காய், 150 கிராம் இலைக் கீரை. உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் நிமிடத்தில்தான். பத்து நிமிடம் முன்னதாகப் போட்டாலும் வெள்ளரி நீர் விட்டு, இலை தொங்கிவிடும்.

இனிப்புக்கு ஐஸ்கிரீம் 1 லிட்டர், ஆளுக்கு இரண்டு சிறு உருண்டை. பழம் தோலோடு 1.2 கிலோ. தோல், விதை போக 800 கிராம் வரும். ஐஸ்கிரீமைப் பரிமாறப் பத்து நிமிடம் முன்னால் உறைபெட்டியிலிருந்து கீழ்ப் பெட்டிக்கு மாற்றி வைத்தால் கரண்டி வளையாது.

குடிக்க எவ்வளவு? இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு தம்ளர், அதற்குப் பிறகு மணிக்கு ஒன்று. வந்தவுடன் தாகம், பேச்சு, கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற உணர்வு எல்லாம் சேர்ந்து முதல் மணியில்தான் பாதி தீரும். நம் உதாரணத்தில் மூன்றரை மணி நேரம், ஆளுக்கு நாலரைத் தம்ளர். 200 மில்லி தம்ளரில் 900 மில்லி. எட்டுப் பேருக்கு ஏழு லிட்டருக்குச் சற்று மேல்.

அந்த ஏழில் நான்கு தண்ணீராக இருக்கட்டும், மூன்று எலுமிச்சைச் சாறு. 3 லிட்டருக்கு 300 மில்லி சாறு வேண்டும். ஒரு பழத்தில் 30 முதல் 40 மில்லி வரும், எனவே 10 பழம். சர்க்கரை 250 கிராம். சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் முன்பே கரைத்துப் பாகாக்கி ஆறவைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் கரையாமல் அடியில் தங்கி, முதல் தம்ளர் புளிப்பும் கடைசித் தம்ளர் பாகுமாக இருக்கும். இனிப்பு வேண்டாம் என்பவருக்காக ஒரு ஜாடியைச் சர்க்கரை இல்லாமல் வைப்பது நல்லது.

எல்லோரும் மறப்பது ஐஸ். தம்ளருக்கு மட்டும் என்றால் ஆளுக்கு 250 கிராம், மொத்தம் 2 கிலோ. பாட்டில்களை வாளியில் குளிர வைப்பதாக இருந்தால் இன்னொரு 2 கிலோ. வீட்டுத் தட்டில் ஒரு தடவைக்கு 200 முதல் 250 கிராம்தான் உறையும். அதாவது 2 கிலோவுக்கு எட்டு முதல் பத்துத் தடவை. இரண்டு நாள் முன்பே தொடங்கி, உறைய உறையப் பையில் சேர்த்து வையுங்கள். ஒரு விருந்தில் சாப்பாடு எல்லாம் சரியாக அமைந்தும் ஏழே முக்காலுக்கு ஐஸ் தீர்ந்துபோனது எனக்கு. மீதி நேரம் எல்லோரும் வெதுவெதுப்பான சாறுதான் குடித்தார்கள்.

சிலர் வைன் குடிப்பார்கள். எத்தனை பாட்டில்?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். எட்டுப் பேரில் ஐந்து பேர் குடிப்பார்கள், ஆளுக்கு மூன்று கிளாஸ் என்றால் 15, அதாவது மூன்று பாட்டில். திறக்காமல் வைத்திருக்க நான்காவது ஒன்று. அப்போதும் தண்ணீர்க் கணக்கைக் குறைக்காதீர்கள், வைனோடு தண்ணீரும் அதிகம் போகும். வண்டி ஓட்டிப் போகிறவர் யார் என்று முன்பே தெரிந்துகொண்டு, அவருக்கும் கிளாஸில் ஊற்றித் தர நல்லதாக ஒன்று இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு முன் கொறிக்க ஏதாவது?

ஆளுக்கு 40, 50 கிராம். வறுத்த கடலை ஒரு கிண்ணம், நறுக்கின கேரட், வெள்ளரி ஒரு தட்டு. ஒரு மணி நேரத்துக்கு இது போதும். எண்ணெயில் பொரித்தது வைத்தால் எட்டு மணிச் சாப்பாடு அப்படியே நிற்கும். சாப்பாடு தள்ளிப்போய் ஒன்பது ஆகும் என்றால் மட்டும் இதை இரட்டியுங்கள்.

கடைசி நிமிடத்தில் ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால்?

கோழியில்தான் இடிக்கும், துண்டை நீட்ட முடியாது. கூடுதலாக வாங்கிய அந்த இரண்டு துண்டு இதற்காகத்தான். சோறும் கடலையும் தாமாகவே ஒரு தட்டுக்கு இடம் கொடுக்கும். இன்னும் இரண்டு பேர் என்றால் வீட்டில் முட்டையும் ஒரு பாக்கெட் பிரெட்டும் இருந்தால் சமாளிக்கலாம். ஆறு முட்டையை வேகவைத்து, இரண்டாக வெட்டிக் கடலைக் குழம்பில் போட்டால் முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அது தனி வகையாகவே தெரியும். சைவருக்கு வேண்டியதை மட்டும் முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எதை எப்போது வாங்குவது?

அரிசி, உலர்ந்த கடலை, சர்க்கரை, தண்ணீர், டீத்தூள், காபித்தூள் ஒரு வாரம் முன்பே. வெங்காயம், தக்காளி, கேரட், எலுமிச்சை மூன்று நாள் முன். கோழி குளிர்ந்ததாக இருந்தால் முந்தின நாள் காலை, வாங்கின அன்றே சமைத்துவிட வேண்டும். கடலையை அதற்கு முந்தின இரவே ஊறப் போட்டிருக்க வேண்டும், மறந்தால் அன்றைய வேலை எல்லாம் தள்ளிப்போகும். கீரை, பழம், ஐஸ்கிரீம், பால் அன்றைய காலை. பால் 1 லிட்டர் போதும், பாதிப் பேர்தான் டீயோ காபியோ கேட்பார்கள்.

வெங்காயம், தக்காளியை நான் தனித்தனியாக எழுதாமல் சேர்த்தே எழுதுவேன். கோழிக்கும் கடலைக்கும் சேர்த்து வெங்காயம் 550 கிராம், தக்காளி 750 கிராம். பட்டியலில் ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் கடையில் ஒன்று கண்ணில் படாமல் போகும்.

மிச்சமானதை என்ன செய்வது? அளவு சரியாக இருந்ததா என்று எப்படித் தெரியும்?

சமைத்த உணவு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். இனிப்புக்கு எழும்போதே கோழியையும் சோற்றையும் உள்ளே கொண்டுபோய் விடுங்கள். சோற்றில் கவனம் அதிகம் தேவை. வெந்தபின்னும் பிழைத்திருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. ஆழமான பாத்திரத்திலேயே விட்டால் நடுவில் மணிக்கணக்கில் சூடு நிற்கும். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு ஆளுக்கான பங்கு மிஞ்சியிருந்தால் அளவு சரி. துடைத்து எடுத்ததுபோல் இருந்தால் யாரோ இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். மூன்று பங்குக்கு மேல் மிஞ்சினால் அடுத்த முறை அந்த வகையைக் குறைக்கலாம். பாத்திரம் கழுவுவதற்கு முன்னால், மிஞ்சியதை அதே கரண்டியால் எண்ணி வாங்கின பட்டியலின் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். கடைசி விருந்தின் தாளில் இப்படி இருக்கிறது: சோறு நாலு கரண்டி, கோழி ஒன்று, கடலை ஒன்றுமில்லை. அடுத்த முறை கடலை 300 கிராம் ஊறப் போடப்போகிறேன்.